நாகர்கோவிலில் வேலை, வர்ஜின் தீவில் பதிவு: மூன்று வழிகளின் ஒப்பீடு

சென்ற ஆண்டு வடசேரியில் உள்ள என் அலுவலகத்துக்கு அண்ணன் தம்பி இருவர் வந்தனர். தம்பி நாகர்கோவிலில் முப்பத்திரண்டு பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். அண்ணன் ஷார்ஜாவில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்த்து, நிறுவனத்துக்கான வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை அங்கிருந்தே பிடித்துத் தருபவர். அண்ணன் விடுமுறையில் வந்திருந்த வாரம் அது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் சில நாட்களிலேயே கம்பெனி பதிவு செய்து தருவதாகவும், அங்கே நிறுவன வருமான வரி அறவே இல்லை என்றும் சொல்லும் ஒரு முகவரின் விலைப்பட்டியலை மேசை மேல் வைத்த தம்பி, "சார், பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இப்படித்தானே செய்கிறார்கள், நாம் ஏன் செய்யக் கூடாது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்வது உண்மை. ஆனால் எதற்காகச் செய்கின்றன, அந்தக் காரணம் நமக்குப் பொருந்துமா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

ஒரு நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதும் எங்கே இயங்குகிறது என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். இதைக் குளச்சல், முட்டம் பக்கத்துக் கடலோர ஊர்களில் கப்பல் வேலைக்குப் போய் வந்தவர்களிடம் விளக்கத் தேவையே இல்லை. உரிமையாளர் கிரேக்க நாட்டவராக இருப்பார், மாலுமிகள் நம் ஊர்க்காரர்களாக இருப்பார்கள், கப்பலின் பின்புறத்திலோ மன்ரோவியா என்றோ மஜூரோ என்றோ பதிவுத் துறைமுகத்தின் பெயர் எழுதியிருக்கும். அந்தத் துறைமுகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத கப்பல்கள் ஏராளம். நிறுவனங்களிலும் இதே பிரிவு உண்டு. ஆனால் கப்பல் கடலில் ஓடுகிறது. நாகர்கோவில் அலுவலகம் நாகர்கோவிலில் அசையாமல் நிற்கிறது. வரிச் சட்டம் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது.

சகோதரர்களுக்கு முன் இருந்த வழிகள் மூன்று. இப்போது இருக்கும் இந்தியப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகவே தொடர்வது முதல் வழி. வர்ஜின் தீவில் ஒரு நிறுவனம் தொடங்கி, ஒப்பந்தங்களையும் வரவையும் அதன் பெயருக்கு மாற்றி, நாகர்கோவில் நிறுவனத்தை அதற்கு வேலை செய்து கொடுக்கும் இடமாக வைப்பது இரண்டாவது. அண்ணன் வசிக்கும் ஷார்ஜாவில் அவர் பெயரில் ஒரு விற்பனை நிறுவனம் தொடங்குவது மூன்றாவது. ஒப்பிட வசதியாக, ஆண்டு வரவு 6 கோடி ரூபாய், செலவு 5 கோடி, லாபம் 1 கோடி என்று வைத்துக்கொண்டோம். அவர்களுடைய உண்மையான கணக்கும் அதற்கு மிக அருகில்தான் இருந்தது.

முதல் வழியில் கணக்கு எளிது. சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்த இந்திய நிறுவனத்துக்கு 22 சதவீத வரி, அதன் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி, 4 சதவீத மேல்வரி என்று எல்லாம் சேர்த்து 25.168 சதவீதம் வரும். ஒரு கோடி லாபத்துக்கு ஏறத்தாழ 25.17 லட்சம். மீதி 74.83 லட்சத்தை நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டால் அதற்கு மேல் வரி இல்லை. ஈவுத்தொகையாக வீட்டுக்கு எடுத்தால் எடுத்தவரின் வருமான அடுக்குக்கு ஏற்பத் தனியே வரி உண்டு.

இரண்டாவது வழியை அந்த முகவர் விளக்கியிருந்த விதம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 6 கோடியையும் தீவு நிறுவனத்துக்குச் செலுத்துவார்கள். அது நாகர்கோவில் நிறுவனத்துக்குச் செலவோடு ஒரு லாப விகிதம் சேர்த்துக் கொடுக்கும். மிச்சம் வரியில்லாமல் அங்கே தங்கும். அந்த லாப விகிதத்தை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. உறவுடைய இரு நிறுவனங்களுக்கு இடையிலான விலை, உறவே இல்லாத இருவர் பேசி முடித்திருக்கக்கூடிய விலையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மென்பொருள் வேலைக்கு 15 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாகர்கோவிலுக்கு 5 கோடி 75 லட்சம் வர வேண்டும். அப்படியானால் லாபத்தில் 75 லட்சம் இங்கேயே வரிக்கு உட்படுகிறது. தீவில் நிற்பது 25 லட்சம். அந்த 25 லட்சத்துக்கு இங்கே கட்டாமல் விடும் வரி 6 லட்சத்து 29 ஆயிரம். "ஒரு கோடிக்கும் வரி இல்லை என்றல்லவா சொன்னார்கள்?" என்று தம்பி கேட்டார். வேலை நடக்கும் இடத்தின் லாபம் அந்த இடத்தை விட்டு முழுவதுமாகப் போகாது என்பதுதான் அதற்குப் பதில்.

அந்த 25 லட்சமாவது நிலைக்குமா என்று பார்த்தோம். வர்ஜின் தீவுகளில் பெரியதான டோர்டோலாவில் நிறுவனத்துக்கென்று யாரும் இல்லை. பதிவு முகவரின் முகவரி ஒன்றுதான் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் விலை பேசுபவர் யார், ஒப்பந்தத்தை ஒப்புக்கொள்பவர் யார், ஆளெடுப்பவர் யார், பணத்தை அனுப்பும்போது வங்கி அனுப்பும் ஓடிபி எந்தக் கைபேசிக்கு வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தம்பி தன்னையே சுட்டினார். ஓடிபி வரும் கைபேசி அப்போது என் மேசை மீதுதான் இருந்தது. வரி அதிகாரி ஒருவர் நாளை இதே கேள்விகளைத்தான் கேட்பார். தீவில் நடந்ததாக எழுதி வைக்கும் இயக்குநர் கூட்டக் குறிப்புகளை விட மின்னஞ்சல்களும் வங்கிப் பதிவுகளும் அவருக்குப் பெரிய சான்று.

வெளிநாட்டில் பதிவான நிறுவனமானாலும் அதன் உண்மையான நிர்வாக முடிவுகள் இந்தியாவில் எடுக்கப்பட்டால் அது இந்திய வரிக் குடியுரிமை உள்ள நிறுவனமாகவே கொள்ளப்படும் என்ற விதி 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. இந்த இடத்தில் முகவர்கள் ஒரு சுற்றறிக்கையைக் காட்டுவார்கள்: ஆண்டு வரவு 50 கோடி ரூபாய் அல்லது அதற்குக் கீழ் உள்ள நிறுவனங்களுக்கு இந்த நிர்வாக இட விதியைப் பொருத்துவதில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. அது உண்மை. ஆனால் பாதி உண்மை. நிர்வாக இட விதி பொருந்தாவிட்டால் தீவு நிறுவனம் வெளிநாட்டு நிறுவனமாக நிற்கும், அவ்வளவுதான். வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் உள்ள தொழில் தொடர்பின் வழியாக ஈட்டும் லாபத்துக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. அதன் சார்பில் வழக்கமாக ஒப்பந்தம் முடிப்பவர் நாகர்கோவிலில் உட்கார்ந்திருந்தால் தொழில் தொடர்பு இல்லை என்று வாதாடுவது கடினம். இந்தியாவுக்கும் வர்ஜின் தீவுகளுக்கும் இடையில் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டு. இரட்டை வரி தவிர்ப்புக்கான முழு ஒப்பந்தம் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் நிழலிலும் ஒதுங்க முடியாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கான விகிதமோ 35 சதவீதம், மேல்வரியோடு 36.4 சதவீதம். அந்த 25 லட்சத்துக்கு அப்போது வரும் வரி 9 லட்சத்து 10 ஆயிரம். இந்திய நிறுவனமாகவே இருந்திருந்தால் 6.29 லட்சத்தோடு முடிந்திருக்கும். வரியைக் குறைக்கப் போன வழி வரியைக் கூட்டிவிட்டது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் இருவரும் விலைப்பட்டியலை மடித்து வைத்தார்கள்.

வரிக்கு முன்பாகவே குறுக்கே நிற்பது அந்நியச் செலாவணிச் சட்டம். இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய கவலை. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் வெளிநாட்டில் உண்மையாகத் தொழில் நடத்தும் நிறுவனத்தில் முதலீடு செய்யலாம். ஆனால் அந்த நிறுவனம் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தால் அதற்குத் துணை நிறுவனம் இருக்கக் கூடாது. தம்பி தீவில் ஒரு நிறுவனம் தொடங்கி, அதன் துணை நிறுவனமாக நாகர்கோவில் நிறுவனத்தை வைக்கும் அமைப்பு இந்த விதியிலேயே அடிபட்டுப் போகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கமாகத் தனித்தனியே வைத்துக்கொண்டாலும், தீவு நிறுவனம் உண்மையாகத் தொழில் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை போகாது. ஓர் ஆண்டில் தனிநபர் ஒருவர் வெளியே அனுப்பக்கூடிய 2,50,000 டாலர் வரம்புக்குள் பணம் அனுப்பியதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த நிபந்தனையைப் படிப்பதில்லை.

அங்கே உள்ள பங்கையும் வங்கிக் கணக்கையும் இந்திய வருமான வரிக் கணக்கில் ஆண்டுதோறும் காட்டவும் வேண்டும். காட்டத் தவறினால் 2015 ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். கணக்கில் வராத வெளிநாட்டுச் சொத்து என்று முடிவானால் 30 சதவீத வரியும் அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதமும் சேர்ந்து சொத்தின் மதிப்பையே தாண்டிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. வங்கிக் கணக்குத் தகவல்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியாவும் வர்ஜின் தீவுகளும் 2017 முதலே இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு அங்கே சேர்ந்த பணம் வீடு கட்டவோ பிள்ளைகளின் படிப்புக்கோ நாகர்கோவிலுக்குத்தான் வந்தாக வேண்டும். வரும் நாளில் அது தம்பியின் கையில் ஈவுத்தொகை. அடுக்கு வரி அப்போதும் உண்டு.

அப்படியானால் பெரிய நிறுவனங்கள் ஏன் போகின்றன என்று அண்ணன் விடாமல் கேட்டார். அவர்கள் தேடுவது பெரும்பாலும் தொழில் லாபத்தின் மீதான வரிக் குறைப்பை அன்று. பல நாட்டு முதலீட்டாளர்கள் ஒரே இடத்தில் பங்கு வைத்திருக்கத் தோதான பொது இடத்தை. சீனாவில் இயங்கும் அலிபாபாவும் டென்சென்ட்டும் கேமன் தீவுகளில் பதிவானவை. அவற்றின் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் சீனாவில்தான். தொழில் லாபத்துக்கான வரியை அங்கே இயங்கும் நிறுவனங்கள் சீன அரசுக்குத்தான் செலுத்துகின்றன. ஆனால் அமெரிக்க நிதி நிறுவனமும் ஜப்பானிய முதலீட்டாளரும் சேர்ந்து வாங்கும் பங்கு ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் இருக்கிறது. வழக்கு வந்தால் இறுதி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. நியூயார்க் பங்குச் சந்தை அந்தப் பதிவை ஏற்கிறது. ஒருவர் பங்கை விற்றால் கேமன் அரசு இடையில் தனக்கென்று ஒரு வரியும் கேட்பதில்லை, விற்றவர் தன் நாட்டில் கட்டினால் போதும். முதலீடு செய்பவர்கள் ஐந்து நாட்டவராக இருக்கும்போது இந்த நடுநிலை பெரிய வசதி. அண்ணனும் தம்பியும் மட்டுமே பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்தில் நடுநிலை காட்ட யாரும் இல்லை.

இந்தியாவில் இயங்கிய நிறுவனங்கள் இதே காரணத்துக்காக மொரீஷியஸையும் சிங்கப்பூரையும் நாடின. பெங்களூரில் 2007 இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது. கேமனைத் தேர்ந்தெடுக்காமல் மொரீஷியஸுக்குப் போனதற்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம்தான் காரணம். இந்திய நிறுவனம் தன் ஈவுத்தொகையைக் கேமன் நிறுவனத்துக்கு அனுப்பினால் 20 சதவீதமும் அதற்கு மேல் சிறிதும் பிடிக்க வேண்டும். மொரீஷியஸில் உண்மையான உரிமையுள்ள, பத்து சதவீதப் பங்காவது வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால் 5 சதவீதம். இந்தியப் பங்குகளை விற்ற லாபத்துக்கு அங்கே வரி இல்லாமல் இருந்ததும் நீண்ட காலம் ஒரு பெரிய காரணமாக இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை: 2016 மே மாதத் திருத்தத்துக்குப் பின், 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் லாபத்துக்கு இந்தியாவில் வரி உண்டு. மேலே உள்ள தீவு நிறுவனத்தின் பங்கை விற்று இந்தியச் சொத்தைக் கைமாற்றும் வழியையும் அடைத்துவிட்டார்கள். 2007 இல் வோடஃபோன் ஒரு கேமன் நிறுவனத்தின் பங்கை வாங்கியதன் மூலம் இந்தியத் தொலைபேசித் தொழிலைப் பெற்றது. 2012 இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வரி இல்லை என்று தீர்ப்பளித்த சில மாதங்களிலேயே சட்டம் திருத்தப்பட்டது. பழைய பரிமாற்றங்களுக்கும் அதைப் பொருத்தும் பகுதி 2021 இல் நீக்கப்பட்டாலும், புதிய பரிமாற்றங்களுக்கு விதி நிற்கிறது.

தொடக்க நிலை நிறுவனங்கள் அதிக விலைக்குப் பங்கு விற்றால் அந்தக் கூடுதல் தொகைக்கே வரி கேட்ட ஏஞ்சல் வரியும் பலரை வெளியே தள்ளிய காரணங்களுள் ஒன்று. அதை 2024 பட்ஜெட் எடுத்துவிட்டது. காரணங்கள் குறையக் குறைய, போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். திரும்புவதற்கும் விலை உண்டு. ஃபோன்பே 2022 இல் சிங்கப்பூரிலிருந்து பதிவை இந்தியாவுக்கு மாற்றியபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வரி செலுத்த வேண்டியிருந்தது.

போகும்போதும் விலை உண்டு என்பதைச் சகோதரர்களுக்கு அவர்கள் நிறுவனத்தை வைத்தே காட்டினேன். வருங்காலத்தில் ஒரு முதலீட்டாளர் நிறுவனத்தை 40 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டு, சிங்கப்பூரிலோ கேமனிலோ தாய் நிறுவனம் வேண்டும் என்று கேட்டால், இவர்கள் இந்தியப் பங்குகளைக் கொடுத்து வெளிநாட்டுப் பங்குகளை வாங்க வேண்டியிருக்கும். அப்படி மாற்றிக்கொள்வதும் விற்பனைதான். தொடக்கத்தில் போட்ட மூலதனம் ஒரு லட்சம் ரூபாய். பட்டியலிடப்படாத பங்கை நீண்ட நாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றால், கையில் ஒரு ரூபாய் வராமலேயே ஏறத்தாழ 5 கோடியும் அதன் மேல் கூடுதல் வரியும் கட்ட வேண்டும். முதலீட்டாளர் வெளியே வரச் சொன்னால் இந்த வரியை யார் தாங்குவது என்பதை அவரிடமே முதலில் பேசி எழுத்தில் வாங்க வேண்டும். இந்திய நிறுவனத்திலேயே நேரடியாகப் பங்கு வாங்க முடியாததற்கு அவர் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். பல நேரம் அந்தக் காரணம் பழைய காலத்துப் பழக்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது வழியைத் தனியாக எடுத்து நிறுத்துவதற்குக் காரணம், நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத குடும்பம் அரிது என்பதுதான். அண்ணன் உண்மையிலேயே ஷார்ஜாவில் வசிக்கிறார். வாடிக்கையாளரைச் சந்திப்பதும் விலை பேசுவதும் அவர். அவர் இந்தியாவில் வசிக்காதவர் என்பதால், இங்கே வசிப்பவருக்கான முதலீட்டுத் தடை அவருக்கு இல்லை. அவர் நிறுவனம் வாடிக்கையாளரிடம் பெற்று, அதே 15 சதவீதம் சேர்த்து நாகர்கோவிலுக்கு 5.75 கோடி அனுப்பினால், அங்கே நிற்கும் 25 லட்சம் அவருடைய விற்பனை உழைப்புக்கான வருமானம் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. அமீரகத்தில் 2023 ஜூன் முதல் நிறுவன வரி வந்துவிட்டது. 3,75,000 திர்ஹாம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 9 சதவீதம். இன்றைய மதிப்பில் அந்த வரம்பு ஏறத்தாழ 90 லட்சம் ரூபாய் என்பதால் இவர்கள் அளவுக்கு அங்கே வரி வராது.

ஆனால் உரிமம், அலுவலகம், விசா, கணக்கு வைப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் வரை ஆகும் என்று அண்ணனே விசாரித்து வந்திருந்தார். வரியில் மிஞ்சுவது 6.29 லட்சம். வரிக்காக மட்டும் என்றால் இது நட்டம். அங்கே விற்பனை உண்மையில் நடக்கிறது, அமீரக வாடிக்கையாளர்கள் உள்ளூர் நிறுவனத்தோடுதான் ஒப்பந்தம் போட விரும்புகிறார்கள், அண்ணனுக்கும் வேலையை விட்டுவிட்டு முழு நேரம் இறங்க எண்ணம் இருக்கிறது என்றால் அந்தப் பத்து லட்சம் விற்பனைச் செலவாகிறது, அதைத் தாங்கலாம். மூன்று வழிகளில் வெளிநாட்டுப் பதிவுக்கு நான் ஆதரவு சொன்னது இந்த ஒன்றுக்கு மட்டுமே, அதுவும் இந்த நிபந்தனைகளோடு மட்டுமே.

முடிவில், நாகர்கோவில் நிறுவனம் இருந்தபடியே இருந்தது. அமீரக வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அண்ணன் ஷார்ஜாவில் உரிமம் எடுத்தார். அமெரிக்க வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்கள் தம்பியின் கையில் இருப்பதால் அவை நாகர்கோவில் நிறுவனத்தின் பெயரிலேயே தொடர்கின்றன. உறவினர்களின் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டு நிறுவனங்கள் என்பதால், தொகை சிறிதானாலும் பன்னாட்டுப் பரிமாற்றத்துக்கான தனி ஆடிட்டர் அறிக்கை ஆண்டுதோறும் தேவை. விலைப்புள்ளி அனுப்பும் மின்னஞ்சல்களை இப்போது அண்ணன் தன் முகவரியிலிருந்தே அனுப்புகிறார். ஷார்ஜா வங்கியின் ஓடிபி அவர் கைபேசிக்கு மட்டுமே வருகிறது. இந்த ஓணத்துக்கு அவர் ஊருக்கு வந்தபோது, ஒரு வாடிக்கையாளருக்கு அவசரமாகக் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் வந்தது. திரும்பிப் போன பிறகு அங்கேயே கையெழுத்திடுகிறேன் என்று அவரே நான்கு நாள் தள்ளி வைத்தார்.